‘ஆனால்’ என்று தொடங்கலாமா?

கேள்வி: பல வருஷமாக டைரி எழுதிவிட்டு, இப்போதுதான் பத்திரிகைகளுக்கு அனுப்பத் தொடங்கியிருக்கிறேன். படித்துப் பார்த்த அக்கா, “எல்லா வரியும் ஆனால், அதனால் என்றே ஆரம்பிக்குது, நாலாங்கிளாஸ் பிள்ளை எழுதின மாதிரி இருக்கு” என்கிறாள். வாக்கியத்தை ‘ஆனால்’ என்று தொடங்கவே கூடாது என்று பள்ளியில் சொன்ன ஞாபகம். அது சரியா? அந்தச் சொல்லுக்குப் பின்னால் காற்புள்ளி வேண்டுமா? நான் எழுதியதில் ஒரு பகுதி: “சீக்கிரம் எழுந்தேன். ஆனால் பேருந்தைத் தவறவிட்டேன். அதனால் அடுத்த பேருந்துக்குக் காத்திருந்தேன். ஆனால் அது ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தது. அதனால் அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனேன். எனவே மேலாளர் திட்டினார். ஆனால் நான் எதுவும் பேசவில்லை.”

பதில்: தாராளமாகத் தொடங்கலாம். கூடாது என்பது ஆங்கில வகுப்பில் காதில் விழுந்ததாக இருக்கும் என்பது என் சந்தேகம். தமிழில் வினைமுற்று வந்துவிட்டால் அநேகமாக வாக்கியம் முடிந்துவிடும். ‘எழுந்தேன்’ என்று சொன்ன பிறகு கதவு சாத்தியாகிவிட்டது, அடுத்து வரும் ‘ஆனால்’ புது வாக்கியத்தின் வாசலில்தான் நிற்க முடியும், அதற்கு வேறு இடம் கிடையாது.

சரி, அப்படியானால் அக்கா சொன்னது தப்பா? இல்லை, அக்காவின் காது சரியாகத்தான் இருக்கிறது. ஏழு வாக்கியத்தில் ஆறு, இணைப்புச் சொல்லோடு தொடங்குகின்றன. ஏன் இப்படி ஆகிறதென்றால், ஒவ்வொரு சின்னச் செயலுக்கும் ஒரு வினைமுற்று போட்டுக் கதவைச் சாத்துகிறீர்கள், பிறகு ஒவ்வொரு கதவையும் திறக்க ஒரு சாவி தேடுகிறீர்கள். தமிழில் கதவைச் சாத்தாமலே போக வழி இருக்கிறது. ‘எழுந்தேன். ஆனால்’ என்பதை ‘எழுந்தும்’ என்ற ஒரே சொல் செய்துவிடும். ‘தவறவிட்டேன். அதனால்’ என்பதைத் ‘தவறவிட்டதால்’ செய்யும். ஓலைச்சுவடிக் காலத்தில் காற்புள்ளி, அரைப்புள்ளி எதுவும் கிடையாது, அவை அச்சோடு வந்தவை. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் தம் உரைநடை நூல்களில் அவற்றை நன்றாகப் பயன்படுத்திப் பழக்கினார். அதற்கு முன்பு படித்தவர்கள் தடுமாறாமல் படித்ததற்கு இந்த எச்சங்களும் உருபுகளும், கடைசியில் ஒட்டிக்கொள்ளும் உம்மும் ஏயும்தான் பெரிய காரணம்.

இப்போது உங்கள் பத்தியை எடுத்துக்கொள்வோம். முதலில் எல்லோரும் செய்யும் தப்பைச் செய்து காட்டுகிறேன்: “சீக்கிரம் எழுந்தும் பேருந்தைத் தவறவிட்டதால் அடுத்த பேருந்துக்குக் காத்திருந்து அது ஒரு மணி நேரம் கழித்து வந்ததால் தாமதமாகப் போனதால் மேலாளர் திட்டினார்.” மூன்று ‘ஆல்’, மூச்சு வாங்குகிறது. அரசாங்கக் கடிதம் மாதிரி ஆகிவிட்டது. போதாததற்குக் ‘காத்திருந்து’ என்று தொடங்கியவர் யார், முடித்தவர் யார் என்பதும் குழம்புகிறது. ‘செய்து’ என்ற வகை எச்சம் பெரும்பாலும் முடிக்கும் வினையின் எழுவாயையே தனக்கும் எடுத்துக்கொள்ளும். காத்திருந்தது நீங்கள், ஆனால் வாக்கியம் மேலாளரில் போய் முடிகிறது. ஆள் மாறும் இடத்தில் ‘வந்ததும்’, ‘வந்தபோது’, ‘வந்ததால்’ மாதிரி ஒன்றைப் போடுங்கள், இல்லையென்றால் பேசாமல் முற்றுப்புள்ளி வைத்துவிடுங்கள்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: “சீக்கிரம் எழுந்தும் பேருந்தைத் தவறவிட்டேன். அடுத்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தது. தாமதமாகப் போய் நின்றதும் மேலாளர் திட்டினார். நான் எதுவும் பேசவில்லை.”

பாருங்கள், காத்திருந்த விஷயமே காணாமல் போய்விட்டது, யாருக்கும் குறையில்லை. அடுத்த பேருந்து ஒரு மணி நேரம் கழித்து வந்தது என்றால் அதுவரை காத்திருந்தீர்கள் என்று வாசகருக்குத் தெரியாதா? ‘எனவே மேலாளர் திட்டினார்’ என்பதும் அப்படித்தான். தாமதமாகப் போனால் திட்டு விழும் என்ற காரணகாரியத்தை யாரும் ‘எனவே’ போட்டு நிரூபிக்க வேண்டியதில்லை. கட்டுரையில் வாதம் செய்யும்போது ‘எனவே’ வேண்டும், கதையில் அது வக்கீல் கோட்டு போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது.

கடைசி ‘ஆனால்’ மட்டும் யோசிக்க வேண்டிய ஒன்று. கதையில் வருகிறவள் வழக்கமாக வாய்க்கு வாய் பதில் சொல்கிறவள், அன்றைக்கு மட்டும் பேசவில்லை என்றால், “ஆனால் நான் எதுவும் பேசவில்லை” என்று வைத்துக்கொள்ளுங்கள், மற்றவை போனபிறகு அந்த ஒரு சொல்லுக்குக் கனம் வந்துவிடும். எப்போதும் அடங்கிப்போகிறவள் என்றால் எடுத்துவிடுங்கள். இது இலக்கணம் முடிவு செய்கிற விஷயமில்லை, அவளை உங்களுக்குத்தான் தெரியும்.

அடுத்து காற்புள்ளி. இணைப்புச் சொற்களுக்குப் பின் காற்புள்ளி இட வேண்டும் என்றுதான் பள்ளிப் பாடம், தேர்வு எழுதுகிறவர்கள் அப்படியே செய்யட்டும். கதையில் நான் எல்லா இடத்திலும் போடுவதில்லை. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், நாம் நிறுத்துவது ‘ஆனாலு’க்கு முன்னால், பின்னால் அல்ல. ஆனாலும் சில இடங்களில் குறி இல்லாவிட்டால் பொருளே கெட்டுப்போகும், அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

‘ஆனால்’ என்பது ‘ஆகு’ என்ற வினையிலிருந்து வந்தது, ‘ஆகும் பட்சத்தில்’ என்ற பழைய வேலையையும் அது இன்னும் விடவில்லை. “அவர் தலைவர் ஆனால் யாரும் மதிக்க மாட்டார்கள்.” இவர் இப்போதே தலைவரா, இனிமேல் ஆகப் போகிறவரா? முதல் பொருள் என்றால் “அவர் தலைவர்; ஆனால், யாரும் மதிக்க மாட்டார்கள்” என்று அரைப்புள்ளி வைத்துப் பிரியுங்கள், இரண்டாவது என்றால் ‘தலைவரானால்’ என்று சேர்த்து எழுதுங்கள்.

‘அதனால்’ இன்னும் பொல்லாதது, ஏனென்றால் அதற்குள்ளே ஓர் ‘அது’ ஒளிந்திருக்கிறது. “நாய் படியில் படுத்திருந்தது. அதனால் ஏற முடியவில்லை.” ஏற முடியாதது நாய்க்கா, உங்களுக்கா? ‘அதனால்,’ என்று ஒரு காற்புள்ளி போட்டால் ‘அந்தக் காரணத்தால்’ என்ற பக்கம் கொஞ்சம் சாயும், அவ்வளவுதான், முழுக்கத் தீராது. “நாய் படியில் படுத்திருந்ததால் என்னால் ஏற முடியவில்லை” என்று எழுதினால் சந்தேகத்துக்கே இடமில்லை.

சரிபார்க்கும்போது நான் செய்வது இதுதான். எழுதி முடித்து ஒரு நாள் தள்ளி, பென்சிலால் எல்லா இணைப்புச் சொல்லையும் வட்டமிடுவேன். ஒவ்வொன்றையும் விரலால் மறைத்துக்கொண்டு அந்த வரியையும் முந்தைய வரியையும் சத்தமாகப் படிப்பேன். பொருள் அப்படியே நின்றால் அடித்துவிடுவேன். தொக்கி நின்றால் முந்தைய வினைமுற்றை எச்சமாக்க முடியுமா என்று பார்ப்பேன், அதுவும் சரிவராவிட்டால்தான் சொல் பிழைக்கும். ‘அதனால்’ பிழைத்த இடத்தில் மட்டும் கூடுதலாக ஒரு சோதனை: அந்த ‘அது’ எது என்று ஓரத்தில் எழுதிப் பார்ப்பேன். ஒரே சொல்லில் எழுத வரவில்லை என்றால் பிரச்சினை அந்த வரியில் இல்லை, அதற்கு முந்தைய வரியில் இருக்கும்.