மேஜையைத் துடைப்பது வேலை, ஆரத்தி எடுப்பது வேலையல்ல

"கோவையில் ஒரு பம்ப் உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். நான் சபைக்குப் போகிறவள், பூஜைகளில் கலந்துகொள்வதில்லை. 2025 அக்டோபர் ஆயுத பூஜையில் என் மேஜைக்குப் பொட்டு வைத்து ஆரத்தி எடுக்கச் சொன்னார்கள். மறுத்தேன். 'எல்லாரும் செய்றாங்க, உனக்கு மட்டும் என்ன? இன்க்ரிமென்ட்ல பாத்துக்கறேன்' என்றார் சூப்பர்வைசர். சம்பளத்திலும் பூஜைக்கென்று 500 ரூபாய் பிடித்துவிட்டார்கள். இந்த வருடம் என்ன செய்வது?" – ஒரு வாசகி

சகோதரி, முதலில் ஒரு கசப்பான உண்மை. அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு தரும் மனசாட்சிச் சுதந்திரம் முதன்மையாக அரசைக் கட்டுப்படுத்துவது. நாசிக்கில் ஓர் ஆசிரியர் பள்ளிப் பிரார்த்தனையில் எழுந்து நின்றார், ஆனால் கைகூப்பவில்லை. அதற்காக அவருக்கு உயர் சம்பள விகிதத்தை மறுத்தார்கள். 2013இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அது அரசு நிதியுதவி பெறும் பள்ளி. உங்களுடையது தனியார் கம்பெனி. தனியார் வேலையில் மதப் பாகுபாட்டைத் தடுக்கும் பொதுச் சட்டம் நம் நாட்டில் இன்னும் இல்லை. இது பெரிய குறை என்றே நான் கருதுகிறேன்.

ஆனாலும் உங்களுக்கு வழி இருக்கிறது. தொழிற்சாலையின் பணி விதிகளான நிலையாணைகளின்படி, மேலதிகாரியின் "சட்டபூர்வமான, நியாயமான" உத்தரவை வேண்டுமென்றே மீறினால்தான் அது கீழ்ப்படியாமைக் குற்றம். ஆரத்தி எடுப்பது உங்கள் வேலையில் சேராது. அதை மறுத்ததற்காக மெமோ கொடுத்தால் அது நிற்பது கடினம். ஆனால் பூஜைக்கு முன்தினம் மெஷினையும் மேஜையையும் சுத்தம் செய்வது வேலைதான். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். கோபத்தில் அன்றைக்கு லீவு போட்டுவிடுகிறார்கள், அல்லது சுத்தம் செய்யவும் மறுத்துவிடுகிறார்கள். அப்போது நிர்வாகம் பூஜையைப் பற்றிப் பேசவே பேசாது, "வேலையை மறுத்தார்" என்று மட்டும் எழுதும்.

எனவே இரண்டையும் பிரித்து, பூஜைக்கு ஒரு வாரம் முன்பே எச்.ஆருக்கு எழுதுங்கள்: "என் மேஜை, வெர்னியர், மைக்ரோமீட்டர் ஆகியவற்றை வழக்கம்போல் சுத்தம் செய்து வைப்பேன். பூஜைச் சடங்கில் என் நம்பிக்கை காரணமாகக் கலந்துகொள்ள இயலாது. அந்த நேரத்தில் எனக்கு வேறு வேலை இருந்தால் தெரிவிக்கவும்." இவ்வளவு போதும். வசனம் எதையும் மேற்கோள் காட்ட வேண்டாம், பூஜையைப் பற்றி ஒரு கருத்தும் சொல்ல வேண்டாம். உங்கள் சொந்த மெயிலிலிருந்து அனுப்புங்கள். வேலையை விட்டு நிறுத்தும் அன்றே கம்பெனி மெயிலை மூடிவிடுவார்கள், பிறகு உங்கள் கடிதமே உங்கள் கைக்கு வராது.

சூப்பர்வைசர் மறுபடி மிரட்டினால் அன்று இரவே ஒரு நோட்டில் தேதி, நேரம், இடம், பக்கத்தில் இருந்தவர்கள் யார் என்பதையும், அவர் சொன்னதை அவர் பேசிய அதே வார்த்தைகளிலும் எழுதிவிடுங்கள். "என்னை மிரட்டினார்" என்று எழுதினால் அது உங்கள் கருத்து. "இன்க்ரிமென்ட்ல பாத்துக்கறேன்" என்பதுதான் சாட்சியம். பிறகு அவருக்கே மரியாதையாக ஒரு வாட்ஸ்அப்: "சார், இன்று காலை ஸ்டோர் பக்கத்தில், பூஜையில் நிற்காவிட்டால் இன்க்ரிமென்டில் பார்த்துக்கொள்வதாகச் சொன்னீர்கள். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா?" அவர் மறுத்தாலும் பேசாமல் விட்டாலும், அன்றைக்கே நீங்கள் இதைக் கேட்டீர்கள் என்பது பதிவாகிவிடும். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பி அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவோடு சான்றிதழும் தாக்கல் செய்ய வேண்டும். அந்தப் போன் உங்களிடமே இருந்தால் அது எளிது. போன் மாற்றினாலும் பழையதை விற்காதீர்கள்.

500 ரூபாய் சிறிய தொகைதான், ஆனால் உங்கள் வழக்கில் மிகத் தெளிவான பகுதி இதுதான். சட்டம் பட்டியலிட்ட காரணங்களுக்கு மட்டுமே சம்பளத்தில் பிடிக்கலாம், பூஜைச் செலவு அந்தப் பட்டியலில் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறையில் உள்ளது, அதில் கோரிக்கைக்கு 3 ஆண்டு அவகாசம் உண்டு. உங்கள் பிடித்தமோ அதற்கு முந்தையது. 1936ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தில் அவகாசம் 12 மாதம்தான், அதுவும் மாத ஊதியம் 24,000 ரூபாய்க்கு மேல் போகாதவர்களுக்கு. ஆகவே தள்ளிப்போடாமல், சம்பளச் சீட்டின் நகலோடு "இது எதற்கான பிடித்தம், திருப்பித் தரவும்" என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். மிரட்டலை மறுக்கும் நிர்வாகத்தால் சம்பளச் சீட்டை மறுக்க முடியாது.

இன்க்ரிமென்ட் குறைந்து வந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முந்தைய வருடங்களின் மதிப்பீட்டுத் தாள்களை இப்போதே எடுத்து வைத்திருந்தால், ஒப்பிட்டுக் காட்ட அவை உதவும். வேலையை விட்டே நிறுத்தினால், தொழிலாளி என்ற முறையில் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் தொழில் தகராறாக எடுத்துப் போகலாம். அதைத் தவிர்க்கத்தான் பல இடங்களில் "நீயே எழுதிக் கொடுத்துட்டுப் போயிடு, நல்ல சர்ட்டிபிகேட் தர்றோம்" என்று ராஜினாமாக் கடிதத்தை நீட்டுகிறார்கள். அதில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அறையில் உட்காரவைத்து வற்புறுத்தி வாங்கிவிட்டால், வெளியே வந்த உடனேயே "கட்டாயப்படுத்தி வாங்கியது, திரும்பப் பெறுகிறேன்" என்று எச்.ஆருக்கு மெயில் அனுப்பிவிட்டு, அன்றே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.