காய்ச்சல்ல கலோரி டார்கெட்டும் ஜிம்மும்: உங்க கேள்விகளுக்கு பதில்

வெயிட் லாஸ்ல இருக்கேன், தினமும் 1600 கலோரி. இப்ப 102 டிகிரி காய்ச்சல். டார்கெட்ட அப்படியே வச்சுக்கலாமா?

வேணாம், இன்னைக்கே நிறுத்திருங்க. உடம்பு சூடு ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினா, சும்மா படுத்திருக்கும்போதே உடம்பு எரிக்கிற கலோரி சுமாரா பத்து சதவீதத்துக்கு மேல கூடும். 102 ஃபாரன்ஹீட்ங்கறது கிட்டத்தட்ட 39 செல்சியஸ், அதாவது ரெண்டு டிகிரி கூட. அந்த நேரத்துல சாப்பாட்டையும் குறைச்சா உடம்பு தசையை உடைச்சு எடுத்துக்கும். நீங்க இத்தனை மாசம் கஷ்டப்பட்டு காப்பாத்தினது அதைத்தானே. அதனால எடை ஏறாம இறங்காம இருக்க எவ்வளவு சாப்பிடுவீங்களோ அதுதான் இப்ப அளவு, ஆனா அதையும் வம்பா திணிக்க வேணாம், முடிஞ்ச வரைக்கும் போதும்.

வாய் கசக்குது, ஒரு வாய் கூட இறங்கல. புரோட்டீன் 110 கிராம் எப்படி முடிப்பேன்?

ரெண்டு மூணு நாள் முடிக்கலன்னா ஒண்ணும் ஆகிடாது, அதுக்காக பயந்துக்காதீங்க. மெல்ல கஷ்டமா இருந்தா குடிக்கிற மாதிரி எடுங்க: பால், தயிர், சூப், வழக்கமா குடிக்கிற புரோட்டீன் பவுடர். ரெண்டு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கால் டம்ளர், அரை டம்ளர்னு. இதுல விட்டுக்கொடுக்கக்கூடாதது தண்ணி மட்டும்தான். சிறுநீர் வெளிர் மஞ்சளா இருந்தா சரி, அடர் மஞ்சளா கொஞ்சமா போனா பத்தலன்னு அர்த்தம். வாந்தி பேதியும் சேர்ந்து இருந்தா வெறும் தண்ணி போதாது, ஓ.ஆர்.எஸ். பாக்கெட்ல எவ்வளவு தண்ணில கலக்கணும்னு போட்டிருக்கோ அதே அளவுல கலக்கி, மடக்கு மடக்கா குடிங்க. எட்டு மணி நேரமா சிறுநீரே வரல, எழுந்தா தலை சுத்துதுன்னா டாக்டர்கிட்ட போயிருங்க.

நாலு நாள்ல ரெண்டு கிலோ போயிருச்சு! கொழுப்பா, தசையா?

பெரும்பாலும் தண்ணிதான். ஒரு கிலோ கொழுப்புன்னா சுமார் 7700 கலோரி. நீங்க 2000 செலவழிச்சு 800 மட்டும் சாப்பிட்டிருந்தாக்கூட நாலு நாள்ல பற்றாக்குறை 4800தான், அரை கிலோ சொச்சத்துக்கு மேல வராது. மீதி, தசையில சேமிச்சு வச்சிருக்கிற கிளைகோஜன்ங்கற மாவுச்சத்தும் அதோட ஒட்டியிருக்கிற தண்ணியும் காலியான வயிறும்தான். நல்லா சாப்பிட ஆரம்பிச்சா ஒரே வாரத்துல இது திரும்ப ஏறும், அப்ப ஐயோ குண்டாயிட்டேன்னு பட்டினி கிடக்காதீங்க ப்ளீஸ். நான் அதிகமா பாக்குற தப்பு இதுதான்.

காய்ச்சல் விட்டுருச்சு. ஜிம்முக்கு எப்ப போகலாம்?

மாத்திரை போடாம 24 மணி நேரம் முழுசா காய்ச்சல் இல்லாம இருக்கணும், அதுக்கப்புறம்தான் இந்த கேள்வியே. காலைல பாராசிட்டமால் போட்டுட்டு மத்தியானம் நார்மல்னு சொன்னா அது கணக்குல வராது.

என்கிட்ட டிரெயினிங் எடுக்கிற ஒருத்தர் விஷயத்த சொல்றேன். அவருக்கு காலைல கண் முழிச்சதும் படுத்தபடியே எண்ணினா நாடித்துடிப்பு எப்பவும் 58. நாலு நாள் காய்ச்சல். ஆறாவது நாள் மாத்திரை இல்லாமலே நார்மல், ஆனா துடிப்பு 70. ஆளு ஃபிரெஷ்ஷா இருக்கேன்னு ஷூவ மாட்டிக்கிட்டு நின்னாரு, நான் கால் மணி நேரம் மெதுவா நடங்க போதும்னு சொல்லிட்டேன். மறுநாள் 66, அன்னைக்கும் நடை மட்டும். எட்டாவது நாள் 60, அப்பதான் ஜிம். வழக்கமா 80 கிலோ ஸ்குவாட் போடுறவர் அன்னைக்கு 40 கிலோல எட்டு எட்டா ரெண்டு செட், அவ்ளோதான். மறுநாள் காலைல 61, பரவால்ல. அடுத்த தடவை 60 கிலோ, அப்புறம் 70, ரெண்டாவது வாரம் முடியுறப்ப பழைய 80. நடுவுல எந்த நாள் காலைலயாவது துடிப்பு பத்து கிட்ட கூடியிருந்தா ஒரு படி கீழ இறங்கியிருப்போம்.

இதுல ஒரு விஷயத்துல மட்டும் நான் கறாரா இருப்பேன். வைரஸ் காய்ச்சல் சில பேருக்கு இதயத் தசையவும் தாக்கும், அந்த நேரத்துல கடுமையா ஒர்க்கவுட் பண்றது உயிருக்கே ஆபத்து. நெஞ்சு வலி, காரணமில்லாத படபடப்பு, படி ஏறினாலே வழக்கத்தவிட மூச்சு வாங்குறது, மயக்கம், இதுல எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு போங்க. அந்த பாதிப்புதான்னு உறுதியானா மாசக்கணக்குல ஓய்வு, திரும்ப எப்பன்னு இதய டாக்டர்தான் சொல்லணும்.

வெறும் சளி, மூக்கடைப்பு மட்டும்தான்?

காய்ச்சலோ உடம்பு வலியோ நெஞ்சுல இருமலோ இல்லன்னா லேசா பண்ணலாம்.

பழைய 1600-க்கு எப்ப திரும்பலாம்?

பழைய வெயிட்ட முழுசா தூக்குற வரைக்கும் பொறுங்க. மேல சொன்னவர் 80 போட்ட நாள்லருந்து இன்னும் ஒரு வாரம் நல்லா சாப்பிட்டாரு, அதுக்கப்புறம்தான் சாப்பாட்ட குறைச்சோம்.