சிம்வாஸ்டாட்டினும் கிரேப்ஃப்ரூட் சாறும்: நேர இடைவெளி போதுமா?

“அப்பாவுக்கு 68 வயது. பலதுறை மருந்தகத்தில் தந்த, இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் மாத்திரையை இரவில் சாப்பிடுகிறார். காலையில் ஒரு கிளாஸ் கிரேப்ஃப்ரூட் சாறு குடிக்கிறார். பன்னிரண்டு மணி நேர இடைவெளி போதாதா?”

போதாது ஐயா. சிம்வாஸ்டாட்டினைச் சிதைக்கும் சிஒய்பி 3ஏ4 என்னும் நொதி கல்லீரலில் மட்டுமன்றிக் குடல் சுவரிலும் இருக்கிறது. வழக்கமாக, விழுங்கிய மருந்தின் பெரும்பகுதி இரத்தத்தில் கலக்குமுன்பே இவ்விரு இடங்களிலும் அழிந்துவிடும், மருந்தின் அளவும் அதைக் கணக்கில் கொண்டே வகுக்கப்பட்டுள்ளது. கிரேப்ஃப்ரூட்டிலுள்ள ஃபியூரனோகூமரின்கள் என்னும் வேதிப்பொருள்கள் குடல் நொதியைத் தற்காலிகமாகத் தடுப்பதில்லை, நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்கின்றன. உடல் புதிய நொதியை உருவாக்க ஓரிரு நாள்களோ, கூடுதலாகவோ ஆகும் என்பதால், காலைச் சாறு இரவு மாத்திரையையும் பாதிக்கும். நாள்தோறும் ஒரு கிளாஸ் குடித்தாலே இரத்தத்தில் மருந்தின் அளவு மூன்று மடங்குக்கு மேல் உயரலாம். சீனப் புத்தாண்டில் வீடு தேடி வரும் பம்பளிமாஸிலும் இதே பொருள்கள் உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

தொடையிலோ தோளிலோ காரணமற்ற வலி, படியேறத் தளர்ச்சி, தேநீர் நிறச் சிறுநீர் ஆகியவை, மருந்தின் அளவு மிகுவதால் தசை சிதைவதன் அறிகுறிகளாக இருக்கலாம். இவை தெரிந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும், கிரியேட்டின் கைனேஸ் இரத்தப் பரிசோதனை அதை உறுதிசெய்யும்.

சாற்றை நிறுத்துங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சாற்றை விட அப்பாவுக்கு மனமில்லையென்றால், இந்த நொதியைப் பெரிதும் சாராத ரோசுவாஸ்டாட்டினுக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அப்பா செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை எடுத்தால் அதையும் சொல்லுங்கள். அது நொதியைப் பெருக்கி, மருந்தின் பலனைக் குறைத்துவிடும்.