கடைக்குள் ஐ பீம் மெஸனைன்: மேலே எவ்வளவு எடை வைக்கலாம்?

திருப்பாதிரிப்புலியூர், பெயிண்ட் கடைக்காரர்: மேடம், கடை 10க்கு 20 அடி, கூரை 14 அடி உயரம். பின்பக்கம் 10க்கு 10 அடியில் ஐ பீம் போட்டு, டெக் ஷீட், கான்கிரீட் போட்டு மேலே பெயிண்ட் பக்கெட் அடுக்கணும். 2015 வெள்ளத்தில் கீழே இருந்த சரக்கு மொத்தமும் போச்சு. வெல்டர் 125 பீம் போதும்கிறார். போதுமா?

போதாது, 150 மி.மீ. உயரமுள்ள பீம் போடுங்கள்.

உங்கள் வெல்டர் சொல்வது ஒரு வகையில் சரிதான். மேலே வாடிக்கையாளர் நடமாடும் சாதாரணக் கடைத் தளம் என்றால் 125 தாங்கிவிடும். கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 அதற்குச் சதுர மீட்டருக்கு 400 கிலோ அளவில் எடை எடுக்கச் சொல்கிறது. ஆனால் நீங்கள் கட்டுவது குடோன். குடோனுக்குக் குறைந்தபட்சமே சதுர மீட்டருக்கு 750 கிலோ சொச்சம் எடுக்க வேண்டும். இதோடு தளத்தின் சொந்த எடை இருக்கிறது. 100 மி.மீ. மொத்தக் கனத்தில் டெக் ஷீட்டும் கான்கிரீட்டும் சுமார் 200 கிலோ, மேலே டைல்ஸ் ஒட்டினால் இன்னும் 50. ஆக சதுர மீட்டருக்கு ஒரு டன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

10 அடி அகலத்துக்குக் குறுக்கே, ஒரு மீட்டருக்கு ஒன்றாக நான்கு பீம் வரும். நடுவில் உள்ள ஒரு பீமுக்கு மட்டும் 3 டன். 125 பீம் இந்த எடையில் நடுவில் சுமார் 12 மி.மீ. தொய்யும். கான்கிரீட்டும் டைல்ஸும் வெடிக்காமல் இருக்க இந்த நீளத்துக்கு 8 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். 150 பீம் ஏழரை மி.மீ. அளவில் நின்றுவிடும். மீட்டருக்கு எடை 13 கிலோவிலிருந்து 15 கிலோ ஆகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். நாலு பீமுக்கும் சேர்த்து முப்பது கிலோ இரும்புகூட கூடாது.

பீமைவிட எனக்குக் கவலை சுவர்தான். ஒவ்வொரு பீமின் முனையும் சுவரில் ஒன்றரை டன்னை இறக்கும். 9 அங்குலச் செங்கல் சுவரைக் கொத்தி, பீமை அப்படியே செருகி, சுற்றிலும் சிமென்ட் பூசிவிடுவது இங்கே வழக்கம். பீமின் அடிப்பட்டை 3 அங்குல அகலம்தான். அத்தனை எடையும் அந்தச் சின்ன இடத்தில் இறங்கினால் கீழே உள்ள செங்கல் நொறுங்கும். ஒவ்வொரு முனைக்கும் அடியில் 400 மி.மீ. நீளம், 200 மி.மீ. அகலம், 150 மி.மீ. உயரத்தில் கான்கிரீட் கட்டை போட்டு, அது இறுகிய பிறகு பீமை உட்கார வையுங்கள். சுவருக்குள் போகும் முனைக்கு முதலிலேயே எபாக்ஸி பிரைமர் அடித்துவிடுங்கள். கடலூர் காற்றில் உப்பு இருக்கிறது, உள்ளே போன பிறகு அந்த முனையை யாரும் பார்க்கப் போவதில்லை.

அதே கடைக்காரர்: சரி மேடம், 150 பீமே போட்டுடறேன். அப்போ பக்கெட்டை எத்தனை அடுக்கு வைக்கலாம்?

இரண்டு. சதுர மீட்டருக்கு 750 கிலோ என்பது சதுர அடிக்கு 70 கிலோ. 20 லிட்டர் எமல்ஷன் பக்கெட் ஒன்று கிட்டத்தட்ட 30 கிலோ, ஏறக்குறைய ஒரு சதுர அடி இடம் பிடிக்கும். இரண்டு அடுக்கு 60 கிலோ, சரி. மூன்றாவது ஏறினால் 90. நடைபாதை விட்டால் சராசரி குறையுமே என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அடுக்கு முழுவதும் ஒரே பீமின் மேல் இருந்தால் அந்த பீமுக்குச் சராசரி தெரியாது.

வெள்ளத்தைப் பற்றிச் சொன்னீர்களே, அதைத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். ஃபெஞ்சல் மாதிரி ஒரு புயல் எச்சரிக்கை வந்த ராத்திரி, கீழே இருப்பதையெல்லாம் பையன்கள் மேலே ஏற்றுவார்கள். புட்டி மூட்டை, டிஸ்டம்பர், டிண்டிங் மெஷின் எல்லாம் போகும். வருடம் முழுக்கப் பாதி காலியாக இருக்கும் தளம் அன்றைக்குத்தான் முழு எடையைப் பார்க்கும். அதனால் படி ஏறும் இடத்தில் "ஒரு சதுர அடிக்கு 70 கிலோ, பக்கெட் இரண்டு அடுக்கு மட்டும்" என்று பெயிண்டில் எழுதி வையுங்கள். சுவரில் இரண்டு அடுக்கு உயரத்துக்கு ஒரு சிவப்புக் கோடும் போடுங்கள். அவசரத்தில் கணக்கு யாருக்கும் ஞாபகம் வராது, கோடு கண்ணில் படும்.

உயரத்தையும் பார்த்துவிடுங்கள். பீமும் தளமும் சேர்ந்து 10 அங்குலம். கீழே ஏழரை அடி விட்டால் மேலே ஐந்தே முக்கால் அடிகூட இருக்காது. சரக்கு வைக்கலாம், ஆள் உட்கார்ந்து பில் போடும் இடமாக்க முடியாது.

நெல்லிக்குப்பம், ஃபேப்ரிகேஷன் பட்டறை: அக்கா, தப்பா நினைக்காதீங்க. நான் நிறைய கடைக்கு 100க்கு 50 மி.மீ. பைப்பை 2 அடிக்கு ஒண்ணா வெச்சு, மேலே சிமென்ட் போர்டு போட்டுக் குடுத்திருக்கேன். ஒண்ணும் ஆகலை. ஐ பீமெல்லாம் வீண் செலவு.

துணிக்கடை, செருப்புக்கடை, காலி அட்டைப்பெட்டி என்றால் உங்கள் பைப் தளம் நன்றாகவே நிற்கும் தம்பி. 3 மி.மீ. கனப் பைப், 10 அடி நீளம், சதுர மீட்டருக்கு 200 கிலோ என்று கணக்குப் பார்த்தால் 7 மி.மீ.க்குள் தொய்கிறது. அதே பைப்பில் 750 கிலோ வைத்தால் தொய்வு 20 மி.மீ.க்கு மேல் போகும், எடையை எடுத்தாலும் இரும்பு பழையபடி நிமிராத எல்லைக்குப் பக்கத்தில் போய்விடும். உங்கள் வாடிக்கையாளர்கள் இதுவரை பெயிண்டோ டைல்ஸோ ஏற்றவில்லை, அதனால் நிற்கிறது. கடை கைமாறினால்? அடுத்து வருபவர் ஹார்டுவேர் கடை போட்டால்? நீங்கள் செய்து கொடுக்கும் தளத்தில் சதுர அடிக்கு 18 கிலோ என்று ஒரு தகடு பற்றவைத்துவிட்டுப் போங்கள்.

அதே பட்டறை: தகடு வைக்கிறேன் அக்கா. ஆனா டெக் ஷீட்டுக்கு ஸ்டட் அடிக்கச் சொல்றாங்களே, அதுக்கு மெஷின் எங்கே போறது? நான் ஸ்குரூதான் போடறேன்.

இவ்வளவு சின்னத் தளத்தில் பீமும் கான்கிரீட்டும் சேர்ந்து வேலை செய்யும் என்று நான் கணக்கில் எடுப்பதில்லை. முழு எடையையும் பீம் தனியாகத் தாங்கும்படிதான் 150 சொன்னேன். ஆகவே அந்த இரண்டையும் பிணைக்கும் ஸ்டட் பலத்துக்காக வேண்டாம். ஷீட்டின் ஒவ்வொரு பள்ளமும் பீமின் மேல்பட்டையோடு பிடித்திருக்க வேண்டும், பீம் பக்கவாட்டில் புரளாமல் இருக்க அது அவசியம்.

அதே பட்டறை: இல்லக்கா, பெரிய வேலையில எஞ்சினியருங்க ஸ்டட் இல்லாம கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க.

பெரிய வேலையில் பீமை மெலிதாக எடுத்திருப்பார்கள், அங்கே ஸ்டட் வேண்டும்தான். இதில் எஞ்சினியருக்கு எஞ்சினியர் கருத்து மாறும். கையெழுத்துப் போடுபவர் எந்தக் கணக்கில் போட்டாரோ அதன்படி செய்யுங்கள்.

புதுச்சேரி, மிஷன் வீதி அருகே: எங்கள் கடை பழைய கட்டடம். சுண்ணாம்புச் சாந்துச் சுவர், ஒன்றரை அடி கனம். ஒரு பக்கச் சுவர் பக்கத்துக் கடைக்கும் பொது. இவ்வளவு கனச் சுவரில் பீமைத் தாராளமாகச் செருகலாம்தானே?

கனத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள் சார். பூச்சை ஓர் இடத்தில் உரித்து, செங்கல் இடுக்கில் சாவியால் சுரண்டிப் பாருங்கள். சாந்து மாவாக உதிர்ந்தால் அந்தச் சுவரில் தனி எடை இறக்கக் கூடாது. அது பொதுச் சுவராகவும் இருப்பதால், பக்கத்துக்காரர் சம்மதம் இல்லாமல் கொத்தவே கூடாது.

உங்களுக்கு நான்கு மூலையிலும் தூண் வைப்பதுதான் சரி. அப்போது கணக்கு மாறும். குறுக்குப் பீம்கள் சுவரில் உட்காராமல், தூணுக்குத் தூண் போகும் இரண்டு பெரிய பீமில் உட்காரும். 10 அடி நீளம் என்றால் அந்தப் பெரிய பீமுக்கு 150 போதாது, 200 வேண்டும். பலரும் இங்கேதான் எல்லாவற்றையும் ஒரே அளவில் வாங்கிவிடுகிறார்கள்.

தூணை டைல்ஸ் தரையில் தகடு வைத்து போல்ட் போட்டு நிறுத்திவிடாதீர்கள். தரை என்பது நிரப்பு மண்ணின் மேல் நாலு அங்குலக் கான்கிரீட். 10க்கு 10 அடிக் குடோன் தளத்தில் ஒரு தூணுக்குச் சுமார் இரண்டேகால் டன் வரும். தரையை உடைத்து, கெட்டி மண் வரை தோண்டி, 2 அடிக்கு 2 அடி அஸ்திவாரம் போடுங்கள். பழைய சுவரின் அஸ்திவாரத்துக்குக் கீழே போகாமலும், அதை ஒட்டாமலும் தோண்ட வேண்டும். எவ்வளவு தள்ளி என்பதை நேரில் பார்த்தவர்தான் சொல்ல முடியும். பழைய கட்டடம் என்பதால் பிளானிங் அத்தாரிட்டியில் முன்பே கேட்டுவிடுங்கள்.

பண்ருட்டி: மேடம், மாடியில் ஷீட் கொட்டகை போட 150 பீம் போதுமா? தானே புயலில் எங்கள் ஷீட் பறந்துவிட்டது.

இது வேறு விஷயம் சார். கொட்டகையில் எடை கீழே அழுத்துவதில்லை, காற்று மேலே பிடுங்குகிறது. பீமை விட்டுவிட்டுத் தூணின் அடி போல்ட்டையும், ஷீட்டைப் பிடிக்கும் கொக்கியையும் முதலில் பாருங்கள்.

கடலூர் முதுநகர், ஜெராக்ஸ் கடை: அக்கா, எங்கள் கடையில் முன்பே தளம் போட்டிருக்கிறது. மேலே ஏ4 பேப்பர் பெட்டிகள். யாராவது நடந்தால் கீழே டியூப்லைட் ஆடுகிறது. கான்கிரீட்டின் அடியில் நீலக் கலர் ஷீட் தெரிகிறது. பயப்பட வேண்டுமா?

நீலக் கலர் ஷீட் என்று சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது. அது கூரைக்குப் போடும் ஷீட்டாக இருக்கலாம். டெக் ஷீட் 0.8 அல்லது 1 மி.மீ. கனத்தில், வெள்ளி நிற ஜி.ஐ.யாக இருக்கும். மடிப்பின் பக்கவாட்டில் வரிசையாகக் குழியோ மேடோ அச்சடித்திருக்கும். அந்த மேடு பள்ளம்தான் கான்கிரீட்டைப் பிடித்துக்கொண்டு ஷீட்டைக் கீழ்க் கம்பியாக வேலை செய்ய வைக்கிறது. கூரை ஷீட்டில் அது கிடையாது, கான்கிரீட் அதன்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். உள்ளே தனியாகக் கம்பி கட்டியிருந்தால் பரவாயில்லை, வலை மட்டும் போட்டிருந்தால் நம்ப முடியாது. போட்டவரைக் கேளுங்கள்.

ஆட்டம் மட்டும் இருந்தால் அது உடையப் போவதற்கு அடையாளம் அல்ல, பீம் மெலிது என்பதற்கு அடையாளம். பீமின் அடியில் இரு முனையிலும் ஒரே கனக் கட்டையை வைத்து, அதன் அடியில் ஒரு நூலை முனைக்கு முனை இழுத்துக் கட்டி, நடுவில் இடைவெளியை அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். பெட்டிகளை இறக்கிவிட்டு மறுபடி அளங்கள். எடை போன பிறகும் பீம் பழையபடி நிமிரவில்லை என்றாலோ, பீம் செருகிய இடத்தில் சுவரில் சாய்வாக வெடிப்பு தெரிந்தாலோ, வெல்டிங் ஓரத்தில் பெயிண்ட் முடி மாதிரி கீறியிருந்தாலோ, மேலே எதையும் திரும்ப ஏற்றாதீர்கள். பத்து ரீம் பெட்டி ஒன்று 24 கிலோ. ஐந்து உயரம் அடுக்கினால் ஒன்றரை சதுர அடிக்குள் 120 கிலோ நிற்கிறது, மேலே சொன்ன பெயிண்ட் கடைத் தளத்துக்கே அது அதிகம். அளந்து முடிக்கும் வரை பெட்டிகள் கீழேயே இருக்கட்டும். அளந்ததும், பீமின் உயரத்தையும் பட்டை அகலத்தையும் டேப்பில் பார்த்து எழுதுங்கள், கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.