நூறு ரூபாய் பெட்ரோலில் பங்க்காரர் கைக்கு எவ்வளவு?

“ஐயா, நான் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். செங்கல்பட்டு பக்கம் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு பெட்ரோல் பங்கில் என் தங்கை மகன் பங்கு சேரப் போகிறான். என்னையும் பணம் போடச் சொல்கிறான். லிட்டர் நூறு ரூபாய்க்கு விற்கிறது, பத்து ரூபாயாவது நிற்கும், விலை ஏற ஏற லாபமும் ஏறும் என்கிறான். நம்பலாமா?”

பத்து நிற்காது. நாலு ரூபாய் சொச்சம்தான், அதுவும் செலவு போவதற்கு முன்னால். விலை ஏறினால் லாபம் ஏறும் என்பதும் தலைகீழ்க் கணக்கு. பெரும்பாலும் விலை ஏற்றம் பங்க்காரருக்குச் சுமைதான்.

டில்லி விலையின் பிரிப்பை எண்ணெய் நிறுவனங்களே வெளியிடுகின்றன என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். 2025 ஏப்ரலில் மத்திய கலால் வரி இரண்டு ரூபாய் கூடிய பிறகு அங்கே ஒரு லிட்டர் 94.77 ரூபாயாக இருந்தது. இதில் அடிப்படை விலையும் வண்டிக் கூலியும் சேர்த்து 53.07. மத்திய கலால் 21.90. டீலர் கமிஷன் சராசரியாக 4.40. இந்த மூன்றையும் கூட்டினால் 79.37 வரும். அதன்மேல் 19.4 சதவீதம் டில்லி அரசின் வாட், அதாவது 15.40. கால்குலேட்டரில் ஒருமுறை தட்டிப் பாருங்கள், பைசா பிசகாது. கமிஷனுக்கும் சேர்த்து அங்கே வாட் விழுகிறது என்பது அப்போது தெரியும்.

தமிழ்நாட்டில் மாநில வரியின் வடிவம் வேறு. 2021 ஆகஸ்டிலிருந்து பெட்ரோலுக்கு 13 சதவீதம், அதோடு லிட்டருக்கு 11.52 ரூபாய் நிலையான தொகை. இரண்டும் சேர்ந்து இருபத்தோரு ரூபாய்க்கு மேல் போகிறது. டில்லியைவிடச் சென்னையில் ஆறு ரூபாய் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் இதுதான். “பங்க்காரன் அடிக்கிறான்” என்று ஊரில் திட்டுவார்கள், பாவம், அந்த ஆறு ரூபாயில் அவருக்கு ஒன்றும் இல்லை.

மாநில வரி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு சான்று. 2024 மார்ச்சில் விலையைக் குறைத்தபோது டில்லியில் சரியாக இரண்டு ரூபாய் இறங்கியது. சென்னையில் 102.63-லிருந்து 100.75-க்கு, 1.88 மட்டும். நிறுவனம் குறைத்தது என்னவோ ஏறக்குறைய 1.67 ரூபாய். அந்தத் தொகைமேல் விழும் வரியாக டில்லியில் 19.4 சதவீதமும் சேர்ந்து குறைந்தது, சென்னையில் 13 சதவீதம்தான் சேர்ந்து குறைந்தது. 11.52 அசையவே இல்லை. அந்தச் சமயத்தில் டில்லிக் கணக்கில் டீலர் கமிஷன் எவ்வளவு மாறியது தெரியுமா? 3.78-லிருந்து 3.77. ஒரே ஒரு பைசா. கமிஷனில் பெரும்பகுதி லிட்டருக்கு இவ்வளவு என்று கட்டிவைத்த தொகை, விலையைப் பார்த்து மாறுவது ஒரு சிறு துண்டுதான். அது நாலு ரூபாயைத் தாண்டியதுகூட விலையால் அல்ல. 2024 அக்டோபர் கடைசியில், ஏழு வருடம் கழித்து, பெட்ரோலுக்கு 65 பைசாவும் டீசலுக்கு 44 பைசாவும் கூட்டிக் கொடுத்ததால் வந்தது.

நம் டர்பனிலும் காராஜ்காரருக்கு அரசு கட்டிவைத்த மார்ஜின்தான். ஆனால் இங்கே பெட்ரோலுக்கு வாட் கிடையாது. எரிபொருள் லெவி, விபத்து நிதி லெவி எல்லாம் லிட்டருக்கு இத்தனை சென்ட் என்றுதான் இருக்கும், மாகாணத்துக்கென்று தனி வரியும் இல்லை. மாதத்தின் முதல் புதன்கிழமைதான் விலை மாறும். இந்தியாவில் 2017 ஜூனிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு மாறலாம். ராத்திரி டேங்கில் நிற்கிற சரக்கின் மதிப்பு விடியும்போது குறைந்திருக்கலாம், அந்த நட்டம் டீலர் தலையில்தான்.

சரி, உங்கள் பணத்துக்கு வருவோம். ஒரு டேங்கர் லோடு 12,000 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னை விலையில் கமிஷனைக் கழித்தால் டீலர் கட்ட வேண்டியது லிட்டருக்குச் சுமார் 96 ரூபாய். மத்திய வரி, மாநில வரி எல்லாம் அதற்குள் அடக்கம். ஆக ஒரு லோடுக்கு 11 லட்சத்து 52 ஆயிரம் முடங்குகிறது. அதை விற்று முடித்தால் கமிஷன் 52,800. ஒரு நாளைக்கு 3,000 லிட்டர் ஓடுகிற பங்க் என்றால் மாதம் ஏழரை லோடு, 3 லட்சத்து 96 ஆயிரம் கமிஷன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பம்பு போடுகிற பையன்களின் சம்பளம், கரண்ட், வங்கி வட்டி, நிறுவனத்தின் இடமாக இருந்தால் லைசென்ஸ் கட்டணம் எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும்.

யாரும் முதலில் சொல்லாத செலவு ஒன்று உண்டு: சுருக்கம். பெட்ரோல் ஒரு டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு குறுகும். வெயிலில் காய்ந்து வந்த டேங்கரிலிருந்து பூமிக்கடியில் உள்ள டேங்குக்கு இறக்கும்போது நாலு டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒரு லோடில் 48 லிட்டர் காணாமல் போகும். ஆவியாவது தனி. அந்த 48 லிட்டருக்கும் வரியோடு சேர்த்து 96 ரூபாய் கட்டியாகிவிட்டது, 4,608 ரூபாய் நட்டம். இதை ஈடுகட்ட ஆயிரம் லிட்டருக்கு மேல் விற்க வேண்டும். ஒரு லிட்டர் தொலைந்தால் 22 லிட்டர் விற்றால்தான் சரிக்குச் சரி. கமிஷன் 4.40 நிர்ணயிக்கப்படும்போது ஓரளவு இழப்பும் கணக்கில் எடுக்கப்படுகிறது, தனியாக யாரும் தர மாட்டார்கள்.

பம்பு விலை ஐந்து ரூபாய் ஏறினால் கமிஷன் சில பைசாதான் கூடும். ஒரு லோடுக்கு முடங்கும் பணமோ 60,000 கூடும், தொலைகிற ஒவ்வொரு லிட்டரும் ஐந்து ரூபாய் கனமாகும். வண்டிக்காரர்கள் கொஞ்சம் குறைத்துப் போட ஆரம்பித்தால் விற்பனையும் சரியும். உங்கள் தங்கை மகன் சொன்னது தலைகீழ் என்றது இதனால்தான்.

பல வருடங்களுக்கு முன்னால், டர்பனில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தபோது, நானும் ஊரில் ஒரு பங்கில் பங்கு சேர்ந்தேன். விற்பனைத் தொகையை மட்டும் மாதாமாதம் அனுப்பினார்கள். பெரிய எண், எனக்கும் பெருமை. இருப்புப் புத்தகத்தைக் கேட்டு வாங்கியது ஒன்றரை வருடம் கழித்து. அதற்குள் நான் போட்டதில் பாதி கரைந்திருந்தது.

நீங்கள் பணம் அனுப்பும் முன்பே மூன்று மாத இருப்புப் பதிவேட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முதல் நாள் டிப் குச்சி அளவு, வந்த லோடு, பம்பு மீட்டரின் மொத்த ரீடிங், மறுநாள் டிப், இந்த நாலும் அதில் இருக்கும். முதல் நாள் டிப்போடு வந்த லோடைக் கூட்டுங்கள், மீட்டர் ரீடிங் அன்று ஏறிய அளவுதான் விற்பனை, அதைக் கழியுங்கள். மறுநாள் டிப்போடு ஒப்பிட்டால் குறைவு எவ்வளவு என்று தெரியும். ஆயிரத்துக்கு நாலைந்து லிட்டர் என்றால் மேலே சொன்ன சுருக்கம்தான். பத்துக்கு மேல் போனால் டேங்க் ஒழுகுகிறதா, இறக்கும்போதே குறைகிறதா, யாராவது எடுக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். குறைவே இல்லாமல், தினமும் பூஜ்ஜியம் என்று எழுதியிருந்தால் அந்தப் புத்தகம் உட்கார்ந்து எழுதியது. அப்படி ஒரு புத்தகம் வந்தால் பணம் அனுப்பாதீர்கள்.