95 சதவீதப் புள்ளிகள் கோட்டுக்குள் இருந்தால் இரண்டு கருவிகளும் ஒத்துப்போகின்றன என்று எழுதலாமா?

கேள்வி: நெஞ்சக நோய்ப் பிரிவில் முதுநிலை மாணவி நான். எங்கள் துறையில் உள்ள, மூச்சை ஊதும் உச்ச வேகத்தை அளக்கும் பழைய பீக் ஃப்ளோ மீட்டரையும், விலை குறைந்த புதிய மீட்டர் ஒன்றையும் 40 நோயாளிகளிடம் ஒப்பிட்டேன். ஒட்டுறவுக் கெழு r = 0.94 வந்தது. அது போதாது, இரு அளவுகளின் வேறுபாட்டைக் காட்டும் பிளான்ட்-ஆல்ட்மன் வரைபடம் போடு என்றார் கைடு. போட்டேன். சராசரி வேறுபாடு நிமிடத்துக்கு −6 லிட்டர், எல்லைக் கோடுகள் −58, +46. 40 புள்ளிகளில் 38 கோட்டுக்குள் இருக்கின்றன. 95 சதவீதம் உள்ளே இருப்பதால் 'இரு கருவிகளும் நன்றாக ஒத்துப்போகின்றன' என்று தீசிஸில் எழுதலாமா?

பதில்: எழுத வேண்டாம். ஆய்வேடுகளில் நான் அடிக்கடி பார்க்கும் வாக்கியம் இது. அச்சான கட்டுரைகளிலும் தப்பித்து வந்துவிடுகிறது. அந்த இரண்டு கோடுகளும் வெளியிலிருந்து வந்த அளவுகோல் அல்ல. உங்கள் தரவிலிருந்தே, சராசரி வேறுபாட்டுக்கு மேலும் கீழும் 1.96 திட்ட விலக்கம் தள்ளிப் போட்டவை. வேறுபாடுகள் ஓரளவு இயல்நிலைப் பரவலில் இருந்தால், சுமார் 95 சதவீதப் புள்ளிகள் உள்ளே விழத்தான் செய்யும். உங்கள் 40 வேறுபாடுகளையும் பத்தால் பெருக்கி மறுபடி வரைந்து பாருங்கள். எல்லைகள் −580, +460 என்று விரியும். புதிய மீட்டர் குப்பைக்குத்தான் போக வேண்டும், ஆனால் அப்போதும் 38 புள்ளிகள் உள்ளேதான் இருக்கும்.

ஆகவே எத்தனை புள்ளி உள்ளே என்று எண்ணுவதை விடுங்கள். பார்க்க வேண்டியது எல்லைகளின் அகலம். உங்களுடையது நிமிடத்துக்கு 104 லிட்டர். இவ்வளவு வித்தியாசம் ஒரு ஆஸ்துமா நோயாளிக்குப் பரவாயில்லையா? இதற்கு வரைபடம் பதில் சொல்லாது. மருத்துவராக நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மார்ட்டின் பிளான்டும் டக்ளஸ் ஆல்ட்மனும் 1986-இல் லான்செட் இதழில் இந்த முறையை விளக்கியபோது எடுத்துக்கொண்ட உதாரணமும் பீக் ஃப்ளோ மீட்டர்தான். ரைட் மீட்டர், மினி ரைட் மீட்டர் இரண்டிலும் 17 பேர் ஊதினார்கள். ஒவ்வொருவரின் முதல் அளவீடுகளை மட்டும் எடுத்தால் ஒட்டுறவுக் கெழு 0.94, உங்களுக்கு வந்த அதே எண். சராசரி வேறுபாடு வெறும் −2.1. இதோடு நிறுத்தியிருந்தால் இரண்டு மீட்டரும் ஒன்றுதான் என்று தோன்றும். ஆனால் வேறுபாடுகளின் திட்ட விலக்கம் 38.8. அதை இரண்டால் பெருக்கிப் போட்ட எல்லைகள் −79.7, +75.5. அதாவது ஒருவரிடம் மினி மீட்டர் காட்டும் அளவு, ரைட் மீட்டர் காட்டுவதைவிட 80 லிட்டர் கூடவும் இருக்கலாம், 75 லிட்டர் குறையவும் இருக்கலாம். அந்த 17 பேரில் ஒருவருக்கு ரைட் மீட்டர் 178 காட்டியது, மினி 259. மூச்சுத் திணறும் நோயாளியிடம் இது சின்ன வித்தியாசம் இல்லை.

அப்படியென்றால் 0.94 எப்படி வந்தது? அந்த 17 பேரும் 178-இலிருந்து 656 வரை பரந்து கிடக்கிறார்கள். ஆட்களுக்கு இடையே இவ்வளவு வித்தியாசம் இருந்தால், கருவிகளுக்கு இடையிலான பிசகு அதில் மறைந்துபோகும். அதே அட்டவணையில் ரைட் மீட்டர் 400-இலிருந்து 520-க்குள் காட்டிய 11 பேரை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒட்டுறவுக் கெழு 0.83-ஆக இறங்கியது. ஆனால் வேறுபாடுகளின் திட்ட விலக்கம் 35.6, பெரிதாக மாறவில்லை. கருவிகள் அதே, பிசகும் ஏறக்குறைய அதே. மாறியது யாரை அளந்தோம் என்பது மட்டும்தான். உங்கள் கைடு 0.94 போதாது என்றது இதனால்தான்.

சரி, உங்கள் எண்களுக்கு வருவோம். எதிலிருந்து எதைக் கழித்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. படத்தின் நிலைக்குத்து அச்சில் 'பழையது − புதியது' என்று வெளிப்படையாகப் போடுங்கள். இல்லையென்றால் −6 என்பதற்குப் பொருளே இல்லை. பழையதிலிருந்து புதியதைக் கழித்ததாக வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் புதிய மீட்டர் சராசரியாக 6 லிட்டர் கூடுதலாகக் காட்டுகிறது. இது பெரிய விஷயமில்லை. நிலையான பிசகு என்றால் கழித்துக்கொள்ளலாம். கழிக்க முடியாதது சிதறல்தான்.

அந்தச் சிதறலை ஒரு நோயாளியிடம் வைத்துப் பாருங்கள். அவருடைய சிறந்த அளவு 400. வழக்கமான ஆஸ்துமா செயல்திட்டத்தில் 80 சதவீதத்துக்கு மேல் பச்சை, 50 முதல் 80 வரை மஞ்சள், 50-க்குக் கீழ் சிவப்பு. இவருக்கு 320-க்கு மேல் பச்சை, 200-க்குக் கீழ் சிவப்பு. இன்று புதிய மீட்டர் 240 காட்டுகிறது, மஞ்சள். பழைய மீட்டரில் ஊதியிருந்தால் என்ன வந்திருக்கும்? 240-உடன் −58, +46 சேர்த்தால் 182 முதல் 286 வரை. 182 என்றால் சிவப்பு. ஒரு மீட்டர் பார்த்துக்கொள்ளலாம் என்கிறது, மற்றது உடனே மருத்துவமனைக்கு ஓடு என்கிறது. துறையில் பழைய மீட்டரில் சிறந்த அளவைக் குறித்துக்கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் புதிய மீட்டரைக் கொடுத்து அனுப்புவது இந்த எல்லைகளை வைத்துப் பார்த்தால் சரியாக வராது. ஆரம்பத்திலிருந்தே புதிய மீட்டரிலேயே சிறந்த அளவையும் எடுத்து, அதையே தொடர்ந்து பயன்படுத்தினால் கதை வேறு.

இந்தக் கணக்கைத் தரவு எடுப்பதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும். 'வேறுபாடு இத்தனை லிட்டருக்குள் இருந்தால் ஏற்கலாம், காரணம் இது' என்று முறையியல் பகுதியில் ஒரு வரி. புரோட்டோகாலில் அந்த வரி இல்லையென்றால், இப்போது முடிவைப் பார்த்துவிட்டு வசதியான ஒரு எண்ணைச் சேர்க்காதீர்கள். எல்லைகளை அப்படியே கொடுத்து, மேலே காட்டியதுபோல் மண்டலக் கணக்கோடு விவாதியுங்கள். தேர்வாளர் கேட்டாலும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியும்.

அடுத்து, 40 பேர். −58, +46 என்பவை உங்கள் மாதிரியில் கிடைத்த மதிப்பீடுகள்தான். அவற்றுக்கும் நம்பிக்கை இடைவெளி உண்டு. ஒரு எல்லையின் திட்டப் பிழை ஏறக்குறைய √(3s²/n). உங்கள் வேறுபாடுகளின் திட்ட விலக்கம் s சுமார் 26.5, ஆட்கள் n = 40. கிடைப்பது 7.3 லிட்டர்; 95 சதவீத இடைவெளிக்கு அதை 2.02-ஆல் பெருக்கினால் ±15. ஆகக் கீழ் எல்லை −73-இலிருந்து −43 வரையும், மேல் எல்லை 31-இலிருந்து 61 வரையும் எங்கேயும் இருக்கலாம். பிளான்டும் ஆல்ட்மனும் 17 பேரை வைத்து இதையே கணக்கிட்டபோது கீழ் எல்லை −114-இலிருந்து −45 வரை பரந்தது. தீசிஸில் எல்லைகளோடு இந்த இடைவெளிகளையும் சேர்த்தே கொடுங்கள்.

பலர் தவறவிடும் இன்னொன்று: ஒவ்வொரு நோயாளியும் ஒவ்வொரு மீட்டரிலும் இரண்டு முறை ஊதினார்களா? ஊதியிருந்தால் அந்த இரண்டாவது எண்களைத் தூக்கிப் போடாதீர்கள். 1986 அட்டவணையின் ஏழாவது ஆளைப் பாருங்கள். ரைட் மீட்டரில் 413, அடுத்து 415. மினியில் 364, அடுத்து 460! முதல் அளவீட்டை வைத்தால் வேறுபாடு +49, இரண்டாவதை வைத்தால் −45. அந்த ஆளும் அதே, மீட்டர்களும் அதே, குறி மட்டும் தலைகீழ். ஒரு கருவி தன்னோடேயே ஒத்துப்போகாவிட்டால் இன்னொன்றோடு எப்படி ஒத்துப்போகும்? அங்கே மீள்அளவீட்டுக் கெழு ரைட் மீட்டருக்கு 43 லிட்டர், மினிக்கு 56. ஒரே ஆள், ஒரே கருவி, இரண்டு முறை ஊதினால் இத்தனை வரை மாறலாம் என்று பொருள். உங்கள் பழைய மீட்டருக்கே இந்த எண் 40-ஐத் தொட்டால், −58, +46 எல்லைகளில் கணிசமான பங்கு பழையதன் தள்ளாட்டம்தான். புதியதை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு அளவீடுகளையும் தனித்தனி நோயாளிகள்போல் எண்ணி 80 புள்ளிகள் போட்டுவிடாதீர்கள். சராசரி எடுத்து 40 புள்ளிகள் போட்டாலும் சிதறல் செயற்கையாகக் குறையும்; அதற்குத் திருத்தம் வேண்டும். எளிய வழி, முதல் அளவீடுகளில் எல்லைகள், இரண்டையும் வைத்து மீள்அளவீட்டுக் கெழு.

வரைவதில் ஒரு எச்சரிக்கை. கிடை அச்சில் பழைய மீட்டரின் அளவைப் போடத் தோன்றும், அதுதானே நம்பகமானது என்று. இரண்டின் சராசரியையே போடுங்கள். வேறுபாட்டுக்குள்ளேயே பழைய அளவு இருப்பதால், அதை கிடை அச்சிலும் போட்டால் இல்லாத சாய்வு ஒன்று தெரியும். R-இல் நான்கு வரி போதும்:

```r
d <- old - new
m <- (old + new) / 2
plot(m, d)
abline(h = mean(d) + c(-1.96, 0, 1.96) * sd(d))
```

படம் வந்ததும் வலப்பக்கம் பாருங்கள். அளவு கூடக் கூடப் புள்ளிகள் புனல்போல் விரிகின்றனவா? விரிந்தால் ஒரே ஜோடி எல்லை எல்லோருக்கும் பொருந்தாது. 200 ஊதுபவருக்கு அகலமாகவும் 600 ஊதுபவருக்குக் குறுகலாகவும் போய்விடும். அப்போது இரண்டு அளவுகளையும் மடக்கைக்கு மாற்றி, வேறுபாடு எடுத்து, பிறகு திருப்பினால் எல்லைகள் விகிதமாக வரும். 'புதியது காட்டுவதில் 0.85 முதல் 1.12 மடங்கு வரை' என்ற மாதிரி. விரியவில்லையென்றால் லிட்டரிலேயே விட்டுவிடுங்கள், மடக்கை தேவையில்லை. அப்புறம், d-க்கு ஒரு ஹிஸ்டோகிராம். ஒரு பக்கம் நீண்ட வால் இருந்தால் 1.96 கணக்கே ஆட்டம் காணும்.

முடிவுகள் பகுதியில் இப்படி எழுதலாம்: 'புதிய மீட்டர் பழையதைவிடச் சராசரியாக நிமிடத்துக்கு 6 லிட்டர் கூடுதலாகக் காட்டியது. 95 சதவீத ஒப்புமை எல்லைகள் −58 (−73 முதல் −43), +46 (31 முதல் 61). இந்த அகலம் ஆஸ்துமா செயல்திட்டத்தில் மண்டலத்தை மாற்றப் போதுமானது என்பதால், ஒரே நோயாளிக்கு இரு மீட்டர்களையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதை இத்தரவு ஆதரிக்கவில்லை.' 0.94-ஐ எங்கே வைப்பது என்று கைடு கேட்டால், அட்டவணையில் ஒரு ஓரத்தில் இருக்கட்டும், சுருக்கத்தில் வேண்டாம்.