பிழைதிருத்தக் கமிட் செய்தியில் காரணத்தை எழுதுவது ஏன்?

கேள்வி: பிழையைச் சரிசெய்துவிட்டேன். கமிட் செய்தியில் "தேதிப் பிழை சரி" என்று மட்டும் எழுதினால் போதாதா?

போதாது. என்ன மாறியது என்பதை `git diff` காட்டிவிடும். ஏன் மாறியது என்பதைச் செய்திதான் சொல்ல வேண்டும். திருவையாற்றுப் பக்கம் ஒரு பால் சங்கத்துக்கு நான் எழுதிய நிரலில், விடியற்காலை ஐந்து மணிக்கு ஊற்றிய பால் முந்தைய நாள் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. அதைத் திருத்தியபோது எழுதியது இது:

```
அதிகாலைப் பாலின் தேதியைத் திருத்து

toISOString() தருவது UTC தேதி. ஆகவே காலை 5:30-க்கு
முந்தைய பதிவுகள் முந்தைய நாளில் விழுந்தன.
இனி Asia/Kolkata நேரப்படி தேதி கணக்கிடப்படும்.

சோதனை: ஒரே நாளின் 05:29, 05:30 பதிவுகள்.
பழைய நிரலில் தேதி வேறுபட்டது; இப்போது ஒன்றே.
ஏற்கெனவே பதிந்தவை திருத்தப்படவில்லை.
```

"அதிகாலைப் பதிவில் தேதி தவறு" என்பது அறிகுறிதான். மூலகாரணம் இந்திய நேரம் UTC-ஐவிட ஐந்தரை மணி நேரம் முந்தியிருப்பது. அது எழுதப்பட்டிருப்பதால்தான், பின்னாளில் மாதாந்தரப் பட்டியலில் அதே `toISOString()` தென்பட்டால் அங்கும் இதே பிழை இருக்கும் என்று படிப்பவர் ஊகிக்க முடிகிறது. சோதனைப் பகுதியில் பழைய நிரல் தோற்றதைக் குறிப்பிடுவதை நான் விடுவதே இல்லை, ஏனெனில் திருத்தத்துக்கு முன்பும் தேறியிருக்கக்கூடிய சோதனை எதையும் நிரூபிப்பதில்லை. கடைசி வரி, பழைய பட்டுவாடாவைச் சரிபார்க்கும் கணக்கருக்காக.